அலமாரியில் ஆறு கோட்டுகள்

வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கும். புள்ளிக்காரர் அதைத் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தார். முதலில் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைப்பார். பிறகு சாவிக்கொத்தைப் பால் பாக்கெட்டின் மேல் வைத்துக் கதவைச் சாத்துவார். கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் உறுமினால் அவர் வீட்டிலிருந்தே படித்துக் கொடுக்கிற ஒலிப்பதிவு கெடும். அணைத்ததை மறந்துவிட்டு வெளியே கிளம்பினால் பால் கெடும். சாவி உள்ளே இருந்தால் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, சுவிட்ச் ஞாபகம் வந்துவிடும். இந்த யோசனையைச் சொன்னவள் ஒலிப்பதிவுப் பெண். அவள் சொல்வதற்கு முன்பு எத்தனை பாக்கெட் பால் வீணானது என்பதை அவர் வெளியில் சொல்வதில்லை.

ஃபிரிட்ஜுக்கு அடுத்தது சுவர்க் கடிகாரம். அதை இறக்கித் துண்டில் சுற்றிச் சமையலறையில் வைப்பார். மின்விசிறியை நிறுத்துவார், ஜன்னல்களைச் சாத்துவார், சட்டையைக் கழற்றிப் பனியனோடு நிற்பார். சட்டைத் துணி மொடமொடவென்று சத்தம் போடும், பனியனுக்கு வாய் கிடையாது. அதன் பிறகு படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியைத் திறந்து, உள்ளே போட்டிருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

முகத்துக்கு நேராக ஆறு கோட்டுகள் தொங்கும். அவருக்கும் கோட்டுகளுக்கும் நடுவில், உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் மைக் நிற்கும். நேராக வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று அதன் மேல் மோதிப் பட்டாசு வெடிக்கும். மடிக்கணினிக்குள் ஒரு குட்டி விசிறி சுழலுவதால் அதற்கு உள்ளே இடமில்லை, அது கட்டில் மேல் கிடக்கும், வயர் மட்டும் போர்வைக்கு அடியில் நுழைந்து வரும். படிக்க வேண்டிய நாவல் கைக்கணினித் திரையில் இருக்கும். காகிதம் என்றால் புரட்டும்போது சரசரக்கும். இத்தனை ஏற்பாடும் முடிந்து அவர் வாயைத் திறப்பதற்குள் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்கும்.

புள்ளிக்காரர் என்ற பெயர் அச்சகத்தில் வந்தது. வேலைக்காலம் முழுக்க அவர் அங்கே பிழை திருத்துகிறவர். அந்த வேலையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர் அச்சான தாளைப் பார்த்துத் திருத்த வேண்டும். படிக்கிறவர் எழுத்தை மட்டும் படித்தால் போதாது, காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். இவர் குரல் நல்ல கனமான குரல். அதனால் படிக்கிற நாற்காலி இவருக்கே நிலைத்துவிட்டது. காலை முதல் மாலை வரை புள்ளி வைத்துக்கொண்டே இருந்த மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

நாள் பூராவும் வாயால் வேலை பார்த்தவர், வீட்டுக்கு வந்ததும் வாய்க்கு லீவு கொடுத்துவிடுவார். மனைவியின் கதை நேர் எதிர். அவள் பழங்களைச் சேமிக்கிற குளிர்கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். உள்ளே இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும், வாய் திறந்தால் குளிர் பல்லில் ஏறும், பேச ஆளும் கிடையாது. வீட்டுக்கு வந்து, பஞ்சு வைத்துத் தைத்த அந்தத் தடித்த கோட்டைக் கழற்றி மாட்டும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். மேற்பார்வையாளர் வழுக்கி விழுந்தது, ஒரு லாரி தவறான பழத்தோடு வந்தது, திரும்பி வரும் வழியில் பார்த்த நாய்க்குட்டி. அவர் "ம்" என்பார். அவள் இன்னும் கொஞ்சம் சொல்லுவாள். அவர் இன்னொரு "ம்" போடுவார். அவர்களுடைய தாம்பத்தியத்தை எழுதினால் பாதிப் பக்கங்களில் அந்த ஒரு எழுத்துதான் இருக்கும்.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மனைவி விமானம் ஏறினாள். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது குளிரான ஊர். குழந்தை தலை நின்றதும் வந்துவிடுவேன் என்றாள். பிறகு தவழட்டும் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். இப்போது அந்தக் குழந்தை வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, கைபேசித் திரையில் தாத்தாவைப் பார்த்துத் தேய்த்து அழிக்கப் பார்க்கிறது. மனைவி எப்போது வருகிறாள் என்பதை அவள் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. கேட்டால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இந்தக் குரல் வேலை வந்தது. அச்சகத்தில் புத்தகம் போட்டுக்கொண்டிருந்த பதிப்பகம் ஒன்று, நாவல்களை ஒலிப் புத்தகமாக்கத் தொடங்கியிருந்தது. பழைய ஆள், நல்ல குரல், மாதிரிக்கு ஒரு பக்கம் படித்து அனுப்பட்டும் என்றார்கள். புள்ளிக்காரர் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்து அனுப்பினார். மறுநாள் ஒலிப்பதிவுப் பெண் கூப்பிட்டாள். பதிப்பகத்தில் பதிவுகளை வெட்டி ஒட்டிச் சீர்செய்கிறவள். இன்றுவரை அவளை அவர் நேரில் பார்த்ததில்லை.

"சார், குரல் அருமையா இருக்கு. ரெண்டே ரெண்டு விஷயம்."

"சொல்லும்மா."

"மழை பெய்ததுன்னு படிச்சிட்டு 'முற்றுப்புள்ளி'ன்னு சொல்றீங்க. அத்தனை வாக்கியத்துக்கும் சொல்லியிருக்கீங்க."

புள்ளிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பழக்கதோஷம் என்பது இதுதான். இன்னொன்று என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னொண்ணு, குளியலறையில உக்காந்து படிச்சீங்களா?"

"இல்லம்மா. கூடத்துல."

"வெறும் சுவர், வெறும் தரையா இருக்கும். நீங்க பேசினது எல்லாத்துலயும் மோதித் திரும்பி வந்து மைக்ல விழுது. எங்க ஸ்டூடியோ சின்னது, அங்க பெரிய ஆளுங்களே வரிசையில நிக்கிறாங்க. வீட்டுலயே பண்ணலாம் சார். ஒண்ணு பண்ணுங்க, கையத் தட்டிக்கிட்டே வீடு பூரா நடங்க. எங்க தட்டினா சத்தம் அங்கயே செத்துப்போகுதோ, அதுதான் உங்க இடம்."

அன்று புள்ளிக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே கை தட்டிக்கொண்டு சுற்றினார். கூடத்தில் 'டப்' என்றால் பின்னாலேயே ஒரு 'டங்' வந்தது. சமையலறையில் பாத்திரங்களெல்லாம் சேர்ந்து பதில் சொல்லின. மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்து, கொசுவா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். ஆள் இல்லாத வீடு இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மனைவி இருந்தபோது வீட்டில் துவைத்த துணியும் விரித்த பாயும் அவள் பேச்சுமாக இருக்கும், கவனித்ததே இல்லை.

கடைசியில் படுக்கையறை அலமாரியைத் திறந்து கையைத் தட்டினார். பஞ்சுப்பொதிக்குள் குத்தியதுபோல 'துப்' என்றது. அவ்வளவுதான். திரும்பி எதுவும் வரவில்லை. மனைவியின் கிடங்குக் கோட்டுகள் ஆறும் தோளோடு தோள் உரச அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. அட்டைப்பெட்டி வாசனையும் எப்போதோ பட்ட ஆப்பிள் வாசனையும் அவற்றில் இன்னும் இருந்தன.

கீழ்த்தட்டுப் பலகையைக் கழற்றி முக்காலி போட்டுப் பதிவு செய்து அனுப்பினார். முற்றுப்புள்ளியை வாய்க்குள்ளேயே விழுங்கினார். இப்படித்தான் அந்த வேலை ஒட்டிக்கொண்டது. முதலில் சிறுகதைகள், பிறகு ஒரு சின்ன நாவல், அப்புறம் தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம் என்கிற அளவுக்குத் தடித்த ஒரு பெரிய நாவல்.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் ஸ்டூடியோவில் படிக்கிறேன் என்று சொல்லிவைத்தார். ஐந்து தலைமுறைக் கதையைப் பனியனோடு அலமாரிக்குள் உட்கார்ந்து படிக்கிறேன் என்று எந்த மாமனார் சொல்லுவார்? மனைவிக்கும் அதே ஸ்டூடியோதான். "ஏசி இருக்கா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இந்தக் காலத்தில்தான் அவருக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. படிக்கும்போது தவறினால் ஒரு தடவை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டும். தட்டிய இடம் கணினித் திரையில் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும், ஒலிப்பதிவுப் பெண் அதைப் பார்த்து வெட்டிவிடுவாள். புள்ளிக்காரர் தட்டிவிட்டு உடனே படிக்கவில்லை. எதிரே தொங்கும் கோட்டுகளைப் பார்த்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தார். "தப்பாப் படிச்சிட்டேன், பாத்தியா." "கதையில வர்ற இந்தக் கிழவன் உங்க மேற்பார்வையாளர் மாதிரியே இருக்கான்." "முட்டி வலிக்குது." "மாடிக்காரர் நாற்காலிய இழுக்கிறார், கொஞ்சம் பொறு." நாள் ஆக ஆகச் சொல்வது நீண்டது. கோட்டுகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன. "ம்" மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஒலிப்பதிவுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், நடுவுல யார்கிட்டயோ பேசுறீங்க. நான் எல்லாத்தையும் வெட்டிடறேன், அதப்பத்தி ஒண்ணும் இல்ல. வீட்டுல அம்மா பக்கத்துலதான் இருக்காங்களா?"

"அவ மக வீட்டுல இருக்கா."

"ஓ," என்றாள் அந்தப் பெண். பிறகு அவசரமாக, "பேசுங்க சார், வெட்டறது பெரிய வேலை இல்ல" என்றாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

பெரிய நாவலில் பாதிக்கு மேல் தாண்டியிருந்த சமயம் மனைவி கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு அலுவலக வேலையாக அவ்வப்போது இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். அந்த வாரம் வருகிறாராம்.

"அவர் ஒரு காலிப் பெட்டி எடுத்துக்கிட்டு வர்றார். அலமாரியில என் கிடங்குக் கோட்டு இருக்குல்ல, அத்தனையும் குடுத்து விடுங்க. இங்க குளிர் தாங்கல. இங்க விக்கிறதெல்லாம் பாக்கத்தான் பளபளன்னு இருக்கு."

புள்ளிக்காரர் மனதில் முதலில் வந்து நின்றது நாவல் அல்ல. போய்விட்டுத் திரும்பி வருகிறவள் எதற்கு ஆறு கோட்டையும் கேட்கிறாள் என்பதுதான் வந்தது. ஒன்று கேட்டால் குளிருக்கு. ஆறும் கேட்டால் அங்கேயே இருப்பதற்கு.

"ஆறுமா?" என்றார்.

"ஆறும்தான். அங்க தொங்கிக்கிட்டு என்ன பண்ணுது?"

இதுதான் அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பம். அவை என்ன செய்கின்றன என்பதைச் சொல்லியிருக்கலாம். எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கலாம். நம் ஆள் "ம்" என்றார்.

மாப்பிள்ளை வந்தார், மரியாதையான பிள்ளை. ஒரு காபி குடித்தார். "ஸ்டூடியோ எப்படிப் போகுது மாமா?" என்று கேட்டார். புள்ளிக்காரர் அதற்குள் முக்காலியையும் மைக்கையும் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். ஒவ்வொரு கோட்டாக எடுத்து மடித்துக் கொடுக்க, மாப்பிள்ளை பெட்டிக்குள் அமுக்கி அமுக்கி வைத்தார். கடைசிக் கோட்டு உள்ளே போகாமல் அடம்பிடித்தது. மாமனாரே பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பைப் போட உதவி செய்தார். தன் கையாலேயே, இல்லை, தன் உடம்பாலேயே அவளுடைய கோட்டுகளை அனுப்பிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை போன பிறகு காலி அலமாரியைத் திறந்து ஒரு தடவை கை தட்டினார். பலகையில் மோதி 'டொக்' என்று முகத்திலேயே திரும்பி வந்து விழுந்தது. கதவைச் சாத்திவிட்டார்.

ஆனால் நாவல் காத்திருக்காது. அடுத்த அத்தியாயத்துக்காக வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அலமாரிக் கம்பியில் தொங்கவிட்டுப் படித்துப் பார்த்தார். மெல்லிய போர்வைகள். கீச்சென்ற எதிரொலி அடங்கியது, குரலின் அடிப்பகுதி மட்டும் பானைக்குள் பேசுவதுபோல முழங்கியது. அடுத்து, சாப்பாட்டு நாற்காலிகள் நான்கைச் சுற்றி நிறுத்தி, மேலே போர்வைகளை இரண்டிரண்டாகப் போர்த்திக் கூடாரம் கட்டினார். உள்ளே தவழ்ந்து போகும்போது பேரக்குழந்தைக்கு இது பிடிக்கும் என்று தோன்றியது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மூன்றாவதாக, கட்டில் மெத்தையைத் தூக்கிச் சுவரோரமாக நிறுத்தி, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு படித்தார். மூச்சு முட்டியது. ஆனால் கை தட்டினால் சத்தம் ஒழுங்காகச் செத்தது. அதை அனுப்பிவைத்தார்.

"சுத்தமா இருக்கு சார். புதுப் புத்தகம்னா தாராளமா எடுத்துக்கலாம்," என்றாள் ஒலிப்பதிவுப் பெண். "ஆனா இந்தப் புத்தகத்துல ஒட்ட மாட்டேங்குது. பழைய அத்தியாயத்தப் போட்டுட்டு உடனே இதப் போட்டா, படிக்கிறவர் நடுவுல வீடு மாறிட்டார்னு கேக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"எதிரொலி இல்லையேம்மா."

"ரெண்டுலயும் இல்ல. ஆனா ரெண்டு இடத்தோட அமைதியும் ஒரே மாதிரி கிடையாது. அந்தப் பழைய இடத்துல ஏதோ தடிமனா, கதகதன்னு இருந்துச்சு. அது போயிடுச்சு. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது. என்ன சார் எடுத்தீங்க அங்கேர்ந்து?"

"கோட்டு."

"அது திரும்பக் கிடைக்குமா? இல்லன்னா முதல் அத்தியாயத்துலேர்ந்து மறுபடி படிக்கணும். அதுக்குப் பதிப்பகத்துல ஒத்துக்க மாட்டாங்க, வேற குரல் வெச்சுக்கலாம்னுடுவாங்க. ஒரு மாசம் நான் தள்ளிப் போட்டுச் சமாளிக்கிறேன்."

புள்ளிக்காரர் இரண்டு நாள் கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். ஸ்டூடியோ இல்லை, ஏசி இல்லை, பனியன், முக்காலி, ஃபிரிட்ஜுக்குள் சாவி, கூடாரம். அவள் முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சொன்ன ஒன்றுக்கு அவள் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது.

"இத்தன நாளும் என் கோட்டுக்கு நடுவுலயா உக்காந்திருந்தீங்க?"

"ஆமா. அந்தக் கோட்டு திரும்ப வேணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல அடங்கியது. குழந்தை எதையோ தரையில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா. இந்தப் புத்தகம் முடியணும்ல."

"சரி, குடுத்து விடறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அந்த ஒரு மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை மறுபடி வந்தபோது அதே பெட்டி வந்தது. ஒன்றிரண்டு வரும், மீதியை அவள் உடுத்த வைத்துக்கொள்வாள் என்று புள்ளிக்காரர் நினைத்திருந்தார். ஆறும் இருந்தன. துவைத்து, வேறு ஏதோ சோப்பு வாசனையோடு, பொத்தான் போட்டு மடித்து வந்திருந்தன.

"அவ என்ன போட்டுக்குவா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டோம் மாமா. நல்ல கோட்டு. முதல்ல முணுமுணுத்தாங்க, இப்ப அதக் கழட்டறதே இல்ல."

புள்ளிக்காரர் தலையாட்டினார். இந்த முறை மாப்பிள்ளை அலமாரிக்குள் எட்டிப் பார்த்து, முக்காலியையும் போர்வையையும் கண்டு, நன்றாக யோசித்திருக்கிறீர்கள் என்று மனதாரப் பாராட்டினார். மாமனாருக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

பழைய வரிசையிலேயே கோட்டுகளை மாட்டினார். பாக்கெட் கிழிந்தது ஓரத்தில், நீலம் இரண்டும் நடுவில். கை தட்டினார். 'துப்' என்றது. முக்காலியில் உட்கார்ந்து மீதி நாவலை ஒரு மூச்சில் என்று சொல்ல முடியாவிட்டாலும், பெரிய தடங்கல் எதுவும் இல்லாமல் படித்து முடித்தார். தவறினால் கை தட்டினார், வாக்கியத்தை மறுபடி படித்தார், மேலே போனார். கதையில் ஐந்தாவது தலைமுறை வீட்டை விற்றுவிட்டுப் பிரிந்து போனது. கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அறையின் வெறும் மௌனமும் கொஞ்சம் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள்.

"சார், அப்படியே ஒட்டிக்கிச்சு. தையல் போட்ட இடமே தெரியல. பழைய இடம் அப்படியே திரும்பி வந்துடுச்சு."

"சந்தோஷம்மா."

"ஒண்ணு கேக்கலாமா?" அவள் குரல் தணிந்தது. "இந்தத் தடவை வெட்ட ஒண்ணுமே இல்ல. தட்டுறீங்க, உடனே படிக்கிறீங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசல. உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார்.

கைபேசியை வைத்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. உண்மைதான், ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு அங்கே தொங்கியவை அவளுடைய கோட்டுகள். வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டுப் போனவை. அவற்றோடு பேசலாம். இப்போது தொங்குபவை அவர் கேட்டதால் வந்த சாமான்கள். அவர் கேட்டது கோட்டு, வந்தது கோட்டு. அவள் கணக்கில் பிழையே இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைப் பிடித்த மனிதர், தன் வாயிலிருந்து விழுந்த பிழையை இத்தனை நாள் கழித்துத்தான் பிடித்தார்.

வெளியே வெயில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. வீடு தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் ஓடியது, கடிகாரம் ஓடியது. பதிவு எதுவும் இல்லாத அந்த நாளில் புள்ளிக்காரர் கைபேசியோடு அலமாரிக்குள் போய் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"என்னங்க," என்றாள் அவள், பிறகு குழம்பிப்போய், "குரல் இவ்வளவு கிட்டக்க கேக்குது. எங்க இருக்கீங்க, வாசல்லயா?"

அவள் எழுந்து வாசல் பக்கம் நடக்கிறாள் என்பது காலடியில் தெரிந்தது.

"இல்ல. நான் வரல. அலமாரிக்குள்ள இருக்கேன்."

காலடி நின்றது. "புத்தகம் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"முடிஞ்சுது."

"அப்புறம் அங்க என்ன வேலை?"

"அன்னிக்கு அதுக்குத்தான் கூப்பிட்டீங்களான்னு கேட்ட. ஆமான்னேன். பொய். கோட்டக் கேட்டிருக்கக் கூடாது, உன்னக் கேட்டிருக்கணும்." அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். "பதிவு பண்ணும்போது நடுநடுவுல உன் கோட்டுகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் வரமாட்டேங்குது. தனியா இருக்க முடியல. நீ வா."

அலமாரிக்குள் எந்தச் சத்தமும் திரும்பி வராது. சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது. அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இதச் சொல்ல அலமாரிக்குள்ள போகணுமா?" என்றாள். சிரிக்கவில்லை.

"வெளியில சொன்னா எனக்கே திரும்பிக் கேக்கும்."

"குழந்தைய விட்டுட்டு மொத்தமா வர முடியாதுங்க. மாப்பிள்ளை அடுத்த தடவை வரும்போது கூட வர்றேன். ஒரு மாசம் இருக்கேன். அப்புறம் பாப்போம்."

"சரி."

"வந்தா நான் மட்டும் பேசிக்கிட்டுக் கிடக்க மாட்டேன். நீங்களும் பேசணும்."

"பேசறேன்."

"அப்போ பேசணும்னு இல்ல. இப்ப பேசுங்க. நான் உக்காந்துக்கிட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். எதிரே திரை இல்லை, பக்கம் இல்லை, படிக்க ஒரு வரி கிடையாது. கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"என்ன பேச?" என்றார்.

"கோட்டுகிட்டப் பேசினதச் சொல்லுங்க."

புள்ளிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில இந்த மாடிக்காரர் இருக்காரே," என்று ஆரம்பித்தார்.

"ம்," என்றாள் அவள்.